க்ளெய்ம் பிரிவு மேலாளருக்கு: உங்கள் கடிதத்தில் பாதியை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

எங்கள் தெருப் பெரியவரின் மருத்துவக் காப்பீட்டு க்ளெய்மை மூடிவிட்டீர்கள். கோப்பு உங்களிடமே இருக்கிறது. கதையைத் திரும்பச் சொல்லவில்லை. அவருக்கு நீங்கள் அனுப்பிய ஆங்கிலக் கடிதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

'வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ்-மென்ஷன்ட் சப்ஜெக்ட், திஸ் இஸ் டு இன்ஃபார்ம் யூ தட்' என்று அது தொடங்குகிறது. 'அபவ்' என்றதும் மேலே எதையோ பார்க்கச் சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார் மனிதர். மேலே தடித்த எழுத்தில் இருந்த க்ளெய்ம் எண்ணைப் பேனாவால் வட்டமிட்டு, கடிதத்தைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டார். ஆவணங்களை அனுப்பவேண்டிய 15 நாள் கெடு அதே வாக்கியத்தின் நடுவில் கிடந்தது. நீங்கள் கேட்ட டிஸ்சார்ஜ் சம்மரியோ அவர் பீரோவிலேயே இருந்தது.

அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். பொருள் வரி மேலேயே இருப்பதால் முதல் ஆறு சொற்கள் வேண்டாம். கடிதம் போடுவதே தெரிவிக்கத்தான் என்பதால் அடுத்த ஆறும் வேண்டாம். 'இன் தி ஈவென்ட் தட்' என்பதற்கு 'இஃப்' போதும். 'வித்தின் எ பீரியட் ஆஃப் 15 டேஸ்' என்பதில் 'எ பீரியட் ஆஃப்' சும்மா நிற்கிறது. மிஞ்சுவது இதுதான்: 'இஃப் தி டாக்குமென்ட்ஸ் ஆர் நாட் சப்மிட்டட் வித்தின் 15 டேஸ் ஆஃப் ரிசீட் ஆஃப் திஸ் லெட்டர், யுவர் க்ளெய்ம் வில் பி க்ளோஸ்ட்.' 37 சொல் 19 ஆகிறது, அர்த்தம் அப்படியே நிற்கிறது.

கண்டதையும் வெட்டச் சொல்லவில்லை. ஆர்வக்கோளாறில் 'ரிசீட் ஆஃப்' என்பதையும் தூக்கினால், கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடவேண்டிய கெடு கடிதத் தேதியிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். தபால் வரும் நாட்கள் வாடிக்கையாளர் தலையில் விழும். 'வித்அவுட் பிரெஜுடிஸ்' போலச் சட்டப்பொருள் உள்ளவற்றையும் வக்கீலைக் கேட்காமல் தொடவேண்டாம். எடுத்த பிறகு யாருடைய கடமையோ தேதியோ தொகையோ மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அந்தச் சொல் இருக்கட்டும், மாறாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

பள்ளிக்கூட லீவ் லெட்டரில் 'ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ' என்று ஆரம்பித்த பழக்கம் நம் யாரையும் விடவில்லை போலிருக்கிறது. 'என்க்ளோஸ்ட்' என்றாலே கூடவே வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதன் வாலில் ஒரு 'ஹியர்வித்'. 'டூ தி நீட்ஃபுல்' என்கிறீர்கள். எதைச் செய்யவேண்டும் என்பதை மட்டும் சொல்லமாட்டீர்கள். இத்தனை அலங்காரமும் பணம் கேட்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்தத்தானோ என்றுகூடத் தோன்றுகிறது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது இதுதான்: உங்கள் மாதிரிக் கடிதத்திலிருந்து இந்தத் தொடர்களை எடுத்துவிட்டு, கெடுவை முதல் வரியில் போடுங்கள். பெரியவரின் க்ளெய்மை மறுபடி திறக்க முடியுமா என்றும் தயவுசெய்து தெரிவியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
அவருக்குக் கடிதம் படித்துச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரன்