பாளையங்கோட்டை காபித்தூள் உறைகளில் சிக்கரி அளவை அச்சிடச் செய்யக் கோரும் மனு

பெறுநர்: உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அவர்கள்
அனுப்புநர்: பாளை மார்க்கெட் பகுதிக் குடியிருப்போர்

மதிப்பிற்குரிய ஐயா,

இதே பொருள் குறித்து முன்பு அளித்த மனுக்களுக்குப் பதில் வராததால், பணிவுடன் மீண்டும் எழுதுகிறோம்.

1. மார்க்கெட்டைச் சுற்றியுள்ள அரவைக் கடைகள் சிலவற்றில், முன்கூட்டியே அரைத்துக் கட்டி அடுக்கிய உறைகளில் கடைப்பெயரும் 'பில்டர் காபி' என்ற எழுத்தும் மட்டுமே உள்ளன. காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று உறையில் அச்சிட வேண்டும் என்பதும், காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதும் தாங்கள் அறிந்த விதிகளே.

2. கேட்டால் 80:20 என்று வாயால் சொல்கிறார்கள். சிக்கரி கூடினால் டிகாஷன் கறுத்துக் கெட்டியாக இறங்குவதால், பார்ப்பவர்களுக்கு நல்ல காபி என்றே தோன்றுகிறது. குடித்த பிறகுதான் மணம் இல்லாமல், கருகிய வெல்லம் போன்ற கசப்பு தொண்டையில் நிற்பது தெரிகிறது.

3. எங்களை மிகவும் வருத்துவது வீட்டிலுள்ள முதியவர்களின் தலைவலி. சிக்கரி வேரில் கஃபீன் கிடையாது. காபித்தூளில் 1.2 சதவீதம் கஃபீன் இருப்பதாகக் கொண்டால், 80:20 கலவையில் 100 கிராமுக்கு 960 மில்லிகிராம் இருக்கும். அதுவே 55:45 ஆனால் 660தான். காலையும் மாலையும் ஒரே அளவு குடித்துப் பழகிய உடம்புக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கஃபீன் குறைந்தால் மறுநாளே தலைவலியும் சோர்வும் வருகின்றன. எங்கள் தெருவில் ஒரு பாட்டி இரத்த அழுத்தம் என்று பயந்து மாத்திரைக்கு அலைந்தார். தூளை மாற்றியதும் வலி நின்றது. அவருக்கு யார் பதில் சொல்வது, ஐயா?

4. குளிர்ந்த நீரில் தூளைத் தூவினோம். காபி மிதக்க, சிக்கரி பழுப்புக் கோடிட்டு உடனே அடியில் இறங்கியது. இது கலப்பு உண்டு என்று மட்டுமே காட்டும். விகிதத்தை ஆய்வகம்தான் சொல்ல முடியும். ஆய்வகமோ பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது! கலவைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் கஃபீன் 0.6 சதவீதம் என்பதால், மேற்சொன்ன 55:45 தூளும் அந்தச் சோதனையில் தேறிவிடும். ஆகவே தேறியது என்ற ஒரு வரியோடு கோப்பை மூடிவிடாமல், கடைக்காரர் சொன்ன விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறோம். சிக்கரியே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. விரும்பி வாங்குவோர் எங்களிலும் உண்டு. எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். இன்ஸ்டன்ட் பொட்டலங்களிலாவது விகிதம் பொடி எழுத்தில் இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை.

5. மாதிரி எடுங்கள், ஐயா.

விகிதம் அச்சிடாத உறைகளை விற்பனையிலிருந்து நிறுத்தி வைத்து, ஆய்வு முடிவை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு மீண்டும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பாளை மார்க்கெட் பகுதிக் குடியிருப்போர்