மாடித்தோட்ட, பண்ணை உறுப்பினர் சங்கம்: பெங்களூரு ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விழா, விதைப் பரிமாற்றம், இரண்டு பண்ணைச் சுற்றுலா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கையில் நான் விரிவாகச் சொல்ல நினைப்பது மண் சோதனையைப் பற்றி.

ஆனேக்கல் பக்கம் நிலம் வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் போன கூட்டத்திலேயே முறையிட்டார். கேழ்வரகு விதைத்து ஒரு நல்ல மழை பெய்தால் போதும், மேலே பொறுக்கு கட்டிக்கொள்கிறது. முளை அதைத் தூக்க முடியாமல் உள்ளேயே வளைகிறது. அடுத்த மழைத் தண்ணீர் இறங்காமல் சரிவில் செம்மண்ணை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஜிப்சம் போடலாமா என்று கேட்டார். சோதித்துவிட்டுச் சொல்வோம் என்றோம்.

மண் என்பது தனித்தனித் துகள் அல்ல. மணலும் களியும் மக்கும் ஒட்டிய சிறு திரள்கள். காய்ந்த திரள் மேல் மழை திடீரென்று விழுந்தால் தண்ணீர் எல்லாப் பக்கமும் உள்ளே பாய்கிறது. உள்ளே மாட்டிய காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது அழுத்தம் கூடி திரளை உடைக்கிறது. உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து, காய்ந்ததும் பொறுக்காகின்றன. எவ்வளவு திரள் தண்ணீரில் தாங்குகிறது என்பதைத்தான் நீர்ச் சல்லடைச் சோதனை அளக்கிறது.

மண்ணை மண்வெட்டியால் மேல் ஐந்து சென்டிமீட்டரில் எடுத்தோம். லேசாக ஈரம் இருக்கும்போதே கையால் உதிர்த்து, நிழலில் உலர்த்தினோம். உலர்ந்த கட்டியை இடித்தால் சோதனையே பொய். 1 முதல் 2 மில்லிமீட்டர் வரையுள்ள திரள்களைப் பிரித்து, 4 கிராம் எடுத்து, 0.25 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் வைத்து நீரில் அமிழ்த்தினோம். 1.3 சென்டிமீட்டர் உயரத்துக்கு, நிமிடத்துக்கு 35 முறை, 3 நிமிடம் மேலும் கீழும் அசைக்க வேண்டும். கையால் செய்யும்போது வேகம் தடுமாறும். செல்போனில் தாளம் வைத்துக்கொண்டு செய்தோம். தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும். போர்வெல் நீரின் உப்பு களியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், மண் உள்ளதைவிட உறுதியாகத் தெரியும்.

இங்கே நம்மூர்ச் செம்மண்ணுக்கு ஒரு சிக்கல் உண்டு. அதில் பருமணல் அதிகம். மணல் எப்படியும் சல்லடையில் தங்கும். அதைத் திரளென்று எண்ணிவிடக் கூடாது. அதனால் தங்கியதை உலர்த்தி எடை பார்த்த பிறகு, லிட்டருக்கு 2 கிராம் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் கரைத்த நீரில் நசுக்கிக் கலைத்து, மிஞ்சும் மணலைத் தனியே நிறுத்தோம்.

கேழ்வரகு வயலில் 4 கிராமில் 2.0 தங்கியது. பாதி நிற்கிறதே, பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அதில் 1.4 கிராம் மணல். இரண்டிலும் அதைக் கழித்தால் 2.6 கிராமுக்கு 0.6 தான் உண்மைத் திரள், அதாவது 23 சதவீதம். அதே நிலத்தில் சருகு மூடிக் கிடக்கும் மாமரத்தடியில் 3.1 தங்கியது, மணல் 1.2, கணக்கு 68 சதவீதம். ஒரே நிலம், ஒரே செம்மண். மாமரத்தடியில் உழவு இல்லை. வயலில் வருடம் இருமுறை ரோட்டவேட்டர் ஓடுகிறது.

அப்புறம் வயல் மண்ணை மறுபடி சோதித்தோம். இந்த முறை அமிழ்த்துவதற்கு முன் ஸ்பிரேயரால் மெல்ல நனைத்து. 3.0 கிராம் தங்கியது, மணல் கழித்து 62 சதவீதம். மெதுவாக நனைத்தால் தாங்குகிறது, திடீரென்று நனைத்தால் உடைகிறது; ஆக குற்றவாளி உள்ளே மாட்டிய காற்று. கலங்கிய தண்ணீரும் சில மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. சோடியம் மிகுந்த மண்ணென்றால் மெதுவாக நனைத்தாலும் கரைந்து, நீர் பால்போல் கலங்கியே நிற்கும். ஜிப்சம் அந்த மாதிரி மண்ணுக்கு. இவருக்கு ஜிப்சம் வீண் செலவு என்று சொல்லிவிட்டோம். மூடாக்கு, உழவைக் குறைப்பது, தொழு உரம், இவைதான் வழி. அவருக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. மூட்டையில் வரும் மருந்தைத்தான் மனசு நம்புகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த எண்ணை வைத்து எவ்வளவு மண் அரித்துப் போகும் என்று கணக்கிட முடியாது. சரிவு, மழையின் வேகம், வரப்பு எல்லாம் வேறு. வேறு ஊர் ஆய்வகத்தின் எண்ணோடும் ஒப்பிட வேண்டாம். சல்லடையும் நனைத்த விதமும் மாறினால் விடையும் மாறும். ஒரு நிலத்தின் இரண்டு இடங்களை, அல்லது அதே இடத்தை ஒவ்வொரு வருடமும் அதே பருவத்தில் ஒப்பிடுவதற்கே இது.

ஆகவே அடுத்த கோடையிலும், ஏப்ரல் மழைக்கு முன், அதே இரண்டு இடத்தில் மண் எடுப்பதென்று செயற்குழு முடிவு செய்துள்ளது. சல்லடைகளும் சிறு தராசும் அலுவலகத்தில் இருக்கின்றன. இரவல் வாங்குபவர்கள் 0.25 சல்லடையை இரும்பு பிரஷ்ஷால் தேய்க்காமல் கழுவித் திருப்பித் தரவும்.

செயலாளர்