எண்பது கிலோமீட்டர் பயணத்துக்கு இருநூறு கிலோமீட்டர் கட்டணம்: ரயில் கட்டண விதிகளை வகுப்போருக்குக் கடலூரிலிருந்து ஒரு மடல்

ரயில் பயணக் கட்டண விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிப்பவன். கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். 2024-ஆம் ஆண்டில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஓர் அம்மாள் இரண்டு முன்பதிவுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து என் மேசை மேல் வைத்தார். ஒன்று திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மயிலாடுதுறைக்கு. மற்றொன்று, மகள் வீட்டில் ஒரு நாள் தங்கிவிட்டு, மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூருக்கு. இரண்டுமே படுக்கை வசதிப் பெட்டி, இரண்டிலும் கட்டணம் 145 ரூபாய். அதற்கு முந்தைய முறை இறங்காமல் நேராகத் தஞ்சாவூர் போனபோதும் அதே 145 ரூபாய்தான் கொடுத்ததாக அவருக்கு நினைவு. “பாதி தூரத்துக்கும் முழுக் காசு வாங்குகிறார்களே, தம்பி, கணினியில் தப்பா?” என்று கேட்டார்.

கணினியில் தவறு இல்லை. விதி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அந்த விதி பயணியின் கண்ணுக்குப் படாமல் இருப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

கட்டணம் தூரத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பெருக்கி வருவதல்ல அது. தூரங்கள் படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரே தொகை அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது. 300 கிலோமீட்டர் வரை ஐந்து ஐந்தாகவும், பிறகு 1,000 வரை பத்துப் பத்தாகவும், அதற்கப்பால் 25, 50 என்றும் படி அகன்றுகொண்டே போகிறது. தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கு விழும் வீதம் குறைகிறது. நெடுந்தூரப் பயணிக்கு இது நியாயமான சலுகை. அதில் எனக்குக் குறை இல்லை.

அட்டவணையின் முதல் படிதான் விவகாரமானது. விரைவு ரயிலின் படுக்கை வசதிப் பெட்டியில் அந்த முதல் படி 1 முதல் 200 கிலோமீட்டர் வரை நீள்கிறது. இருபது கிலோமீட்டர் போனாலும் இருநூறுக்கான தொகை கட்ட வேண்டும். மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் இந்தக் குறைந்தபட்சத் தூரம் 300 கிலோமீட்டர். முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பில், விரைவு ரயிலுக்கு, அது 50 கிலோமீட்டர் மட்டுமே.

இப்போது அந்த அம்மாளின் சீட்டுக்கு வருகிறேன். 2020 ஜனவரியில் வந்து 2025 ஜூன் வரை நடப்பில் இருந்த அட்டவணைப்படி, படுக்கை வசதியில் 200 கிலோமீட்டருக்கு அடிப்படைக் கட்டணம் 125 ரூபாய். அதோடு முன்பதிவுக் கட்டணம் 20 ரூபாய் சேர்ந்து 145. எங்கள் ஊரிலிருந்து மயிலாடுதுறை சுமார் 80 கிலோமீட்டர், தஞ்சாவூர் சுமார் 150. இரண்டுமே 200-க்குள் அடங்கிவிடுவதால் தொகை மாறவில்லை. பயணத்தை இரண்டாக வெட்டியபோது அந்த முதல் படியை இரண்டு முறை ஏற வேண்டியதாயிற்று: 290 ரூபாய். ஒரே சீட்டு வாங்கி நடுவில் இறங்கித் தங்கியிருக்கலாமே என்றால், வழியில் தங்கிச் செல்லும் சலுகை 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சீட்டுகளுக்குத்தான் உண்டு. மயிலாடுதுறை வரை பொதுப் பெட்டியில் போயிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். அதை அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

அவர் போனவை சாதாரண விரைவு ரயில்கள். அதிவிரைவு ரயிலாக இருந்திருந்தால் படுக்கை வசதிக்கு மேலும் 30 ரூபாய், ஆக 175 ஆகியிருக்கும். இந்த மேல்கட்டணமும் தூரத்தைப் பார்ப்பதில்லை: 80 கிலோமீட்டர் போகிறவரும் 2,000 கிலோமீட்டர் போகிறவரும் அதே 30 ரூபாய்தான் தருகிறார்கள். அகலப் பாதையில் இரு திசைகளிலும் சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும்படி அட்டவணையிடப்பட்ட வண்டி அதிவிரைவு என்று வகைப்படுத்தப்படுகிறது. வேகமே இந்தக் கட்டணத்துக்குக் காரணம் என்றால், வேகத்தால் மிஞ்சும் நேரம் தூரத்தைப் பொறுத்தது அல்லவா? எண்பது கிலோமீட்டரில் ஒருவருக்கு எத்தனை நிமிடம் மிஞ்சிவிடும்?

வகுப்புக்கு வகுப்பு உள்ள வேறுபாட்டையும் இந்தக் குறைந்தபட்சத் தூரம் ஓசையில்லாமல் மாற்றிவிடுகிறது. அதே அட்டவணையில் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்புக்கு 300 கிலோமீட்டருக்கு 440 ரூபாய். முதல் படிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கிலோமீட்டர் வீதத்தைப் பார்த்தால், படுக்கை வசதிக்கு 62.5 பைசா, இதற்கு ஏறக்குறைய 147 பைசா. அதாவது இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல். ஆனால் மயிலாடுதுறைக்குப் போனவர் அப்போது சந்தித்த விலை வேறு. 440-உடன் முன்பதிவு 40 சேர்த்து 480, அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 24 ரூபாய், 504 வந்தது, அதை அடுத்த ஐந்துக்கு உயர்த்தி 505 என்று வாங்கினார்கள். இது 145-இன் மூன்றரை மடங்கு. படுக்கை வசதிக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதிவிரைவு வண்டியானால் 45 ரூபாய் கூடி 525, வரியோடு 551.25, வாங்கியது 555. இந்தக் கடைசி முழுமையாக்கலில் மட்டும் 3 ரூபாய் 75 காசு போய்விட்டது. என் தொழிலில் இப்படி ஒரு வரியைப் பேரேட்டில் எழுதினால் முதலாளி விளக்கம் கேட்பார்.

2025 ஜூலை 1 முதல் விரைவு ரயிலில் குளிர்சாதனமல்லாத வகுப்புகளுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு பைசா உயர்வு என்று அறிவித்தீர்கள். செய்தியைப் படித்த எவரும் 80 கிலோமீட்டருக்கு 80 காசு என்றுதான் எண்ணுவார். படுக்கை வசதியில் அவர் செலுத்துவது 200 கிலோமீட்டருக்கான கட்டணம் என்பதால் அடிப்படைக் கட்டண உயர்வும் 2 ரூபாய் ஆகிறது. அதே ஆண்டு டிசம்பர் 26-இல் மீண்டும் 2 பைசா ஏறியபோதும் இதே கதைதான். குறுகிய தூரப் பயணிக்கு உயர்வும் இரண்டரை மடங்காகவே வந்து சேர்கிறது.

குறைந்தபட்சத் தூரம் ஏன் வைக்கப்பட்டது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சென்னையிலிருந்து வரும் வண்டியில் ஒரு படுக்கையை 80 கிலோமீட்டருக்கு ஒருவர் பிடித்துக்கொண்டால், அதே இடத்தில் 500 கிலோமீட்டர் போக வேண்டியவருக்குச் சீட்டுக் கிடைக்காமல் போகும். படுக்கைப் பெட்டிகள் நெடுந்தூரத்துக்கானவை என்பதை ஏற்கிறேன். ஆகவே அந்த 200-ஐக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. என் கோரிக்கைகள் வேறு.

சீட்டில் பயணத் தூரத்துக்குப் பக்கத்திலேயே கட்டணத்துக்கு எடுத்துக்கொண்ட தூரம் எவ்வளவு என்றும் அச்சிடுங்கள். “பயணம் 80, கட்டணம் 200” என்ற ஒரு வரியைப் பார்த்திருந்தால் அந்த அம்மாள் என் வீட்டுப் படியேறியிருக்க மாட்டார். அடுத்து, முன்பதிவுச் சாளரத்துக்கு மேலே வகுப்புவாரியாகக் குறைந்தபட்சத் தூரத்தைத் தமிழில் எழுதி வையுங்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இது கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் எங்களுக்குச் சென்னையே ஏறக்குறைய 200 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. விழுப்புரம், சிதம்பரம், கும்பகோணம் என்று நாங்கள் அன்றாடம் போய்வரும் ஊர்கள் எல்லாம் அந்த எல்லைக்குள் இருக்கின்றன. மூன்றாவதாக, அதிவிரைவு மேல்கட்டணத்தைக் குறைந்தபட்சத் தூரத்துக்குள் முடிந்துவிடும் பயணங்களுக்காவது பாதியாக்குங்கள். செல்லாத தூரத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியவரிடம், அனுபவிக்காத வேகத்துக்கும் முழுத் தொகை கேட்பதற்கு நான் எந்தக் கணக்கிலும் நியாயம் காணவில்லை.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூர்ப் பயணி ஒருவன்
கடலூர்