டிரையல் ரூம் கண்ணாடியை ஓர் அடி இறக்குங்கள்: துணிக்கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். போன மாதம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குச் சுடிதார் எடுக்க ஒரு கடைக்குப் போயிருந்தோம். போட்டுப் பார்த்தவள் கதவைத் திறந்து, "அம்மா, பேன்ட் நீளம் சரியா இருக்கான்னு தெரியலை, கால் தெரிய மாட்டேங்குது" என்றாள். உள்ளே போய்ப் பார்த்தேன். நல்ல பெரிய கண்ணாடிதான், நாலு அடி உயரம் இருக்கும். ஆனால் அதில் அவள் உருவம் முழங்காலோடு நின்றுவிட்டது. வெளியே நின்ற விற்பனைப் பெண், "கொஞ்சம் பின்னாடி தள்ளி நின்னு பாரும்மா" என்றார். மகள் பின்சுவரில் முதுகு ஒட்டும்வரை தள்ளிப் பார்த்தாள். அப்போதும் முழங்கால்தான். "ரூம் சின்னதுக்கா, என்ன பண்றது" என்று அந்தப் பெண் வருத்தப்பட்டார்.

அந்த வருத்தம் தேவையே இல்லை என்று சொல்லத்தான் இந்த மடல். அறை சின்னதாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை. அதை மூன்று மடங்கு பெரிதாகக் கட்டியிருந்தாலும் அவள் பாதம் அந்தக் கண்ணாடியில் தெரிந்திருக்காது. கோளாறு, கண்ணாடியை மாட்டிய உயரத்தில் இருக்கிறது.

கடையில் இருந்த இஞ்ச் டேப்பை வாங்கி அளந்தேன். கண்ணாடியின் உயரம் 120 செ.மீ. அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 90 செ.மீ. மேலே இருந்தது. கீழே துணி வைக்க ஒரு பலகை இருக்கை அடித்திருந்ததால், அதற்கு மேல் தாராளமாக இடம் விட்டு மாட்டியிருக்கிறார்கள். மகளின் உயரம் 150 செ.மீ. கண் இருப்பது 139 செ.மீ. உயரத்தில். உச்சந்தலைக்கும் கண்ணுக்கும் நடுவே 11 செ.மீ.

இந்த எண்களை வைத்தே விஷயத்தைச் சொல்கிறேன். சமதளக் கண்ணாடியில் தெரியும் பிம்பம் கண்ணாடிப் பரப்பின் மேல் இல்லை. நாம் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ, பிம்பம் அவ்வளவு தூரம் பின்னால் நிற்கிறது. மகள் ஒரு மீட்டர் தள்ளி நின்றால், கண்ணாடிக்குப் பின்னே ஒரு மீட்டரில் அவளைப் போலவே இன்னொருத்தி நிற்பதாகவும், நடுவில் இருக்கும் கண்ணாடி ஒரு ஜன்னல் என்றும் வைத்துக்கொள்ளலாம். இப்போது இவள் கண்ணிலிருந்து அவள் பாதத்துக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். ஜன்னல் இருவருக்கும் சரிபாதித் தூரத்தில் இருப்பதால், நூலும் சரிபாதி இறங்கிய இடத்தில்தான் அதைக் கடக்கும். 139-இல் தொடங்கித் தரையில் முடியும் நூலுக்குப் பாதி 69.5 செ.மீ. அதே போல உச்சந்தலைக்குப் போகும் நூல், 139-க்கும் 150-க்கும் நடுவில், 144.5 செ.மீ. உயரத்தில் ஜன்னலைக் கடக்கும்.

ஆக, அவள் தன்னை முழுதாகப் பார்க்க 69.5-லிருந்து 144.5 வரை, மொத்தம் 75 செ.மீ. கண்ணாடி போதும். அது அவள் உயரத்தில் சரிபாதி. இதற்குக் குறைந்தால் ஏதோ ஒரு பக்கம் வெட்டுப்படும்.

தூரம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். அவள் பின்னால் ஓர் அடி வைத்தால் உள்ளே நிற்பவளும் ஓர் அடி பின்னால் போகிறாள். ஜன்னல் அப்போதும் நடுவில்தான். நூல் முன்னைவிட நீளமாகிறது, சாய்வு குறைகிறது, ஆனால் பாதி தூரம் வரும்போது பாதி உயரம்தான் இறங்கியிருக்கும். அரை மீட்டரில் நின்றாலும் ஐந்து மீட்டரில் நின்றாலும் அதே 69.5 தான். தள்ளிப் போனால் பிம்பம் சிறிதாகத் தெரிவது உண்மை. ஆனால் கண்ணாடியும் அதே விகிதத்தில் சிறிதாகத்தானே தெரிகிறது?

பின்னால் போனால் அதிகம் தெரியும் என்ற எண்ணம் போட்டோ எடுக்கும் பழக்கத்தில் வந்தது என்று நினைக்கிறேன். அங்கே கேமரா ஓரிடத்தில் நிற்கிறது, நாம் மட்டும் விலகிப் போகிறோம். அதனால் முழு உருவமும் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. கண்ணாடி முன்னால் பார்க்கும் கண்ணும் நம்மோடு சேர்ந்து பின்னால் வருகிறது. நம்புவதற்குக் கடினமாக இருந்தால் ஸ்டிக்கர் பொட்டை வைத்துச் சோதித்துப் பாருங்கள். சுவரில் நேராக மாட்டிய கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று, உச்சந்தலை தெரியும் இடத்தில் ஒரு பொட்டு, இடுப்பு தெரியும் இடத்தில் ஒரு பொட்டு ஒட்டுங்கள். நாலு அடி பின்னால் போய் அதே போல நிமிர்ந்து நின்று பாருங்கள். பொட்டுகள் உச்சந்தலையிலும் இடுப்பிலும்தான் இருக்கும். என் மகள் அங்கேயே செய்து பார்த்தாள்.

சரி, 75 செ.மீ. தேவைப்படுகிற பெண்ணுக்கு 120 செ.மீ. கண்ணாடி ஏன் போதவில்லை? கீழ் விளிம்பு 90-இல் இருக்கிறது. அவள் கண்ணுக்கு அது 49 செ.மீ. கீழே. அந்த விளிம்பு வழியாகப் போகும் பார்வை பிம்பத்தை அடையும்போது இன்னொரு 49 இறங்கும். மொத்தம் 98. அதாவது 139-இல் 98 போக, தரையிலிருந்து 41 செ.மீ. வரை அவளுக்குத் தெரியாது. அதுதான் முழங்கால். மேல் விளிம்போ 210-இல் இருந்தது. 144.5-க்கு மேலே இருக்கும் 65 செ.மீ. கண்ணாடியில் அவள் பார்த்ததெல்லாம் பின்சுவரும் விளக்கும்தான். பாதிக்கும் மேல் கண்ணாடி அவளுக்குப் பயன்படவே இல்லை.

இந்தக் கணக்கைச் சுருக்கமாகச் சொன்னால், கீழ் விளிம்பின் உயரத்தை இரண்டால் பெருக்கிக் கண்ணின் உயரத்தைக் கழித்தால், தரையிலிருந்து எவ்வளவு தெரியாது என்று வந்துவிடும். எனக்குக் கண் 151 செ.மீ. உயரத்தில். அதே கண்ணாடியில் எனக்கு 29 செ.மீ. மறையும். கண் உயரம் 100 செ.மீ. இருக்கும் சின்னக் குழந்தைக்கு 80 செ.மீ. மறையும். புதுப் பாவாடையைப் பார்க்க ஆசையாக நிற்கும் அந்தக் குழந்தைக்குத் தன் தோளும் முகமும்தான் தெரியும். குள்ளமாக இருப்பவர்களுக்கே அதிகம் மறைகிறது என்பதுதான் எனக்கு மனசு கேட்காத விஷயம். மாட்டியவர் உயரமான ஆளாக இருந்தால் இதைக் கவனித்திருக்கவே வழியில்லை. அவருக்குக் கொஞ்சம்தான் மறைந்திருக்கும்.

மகள் கால் தெரியவில்லை என்று குனிந்து குனிந்து பார்த்தாள். குனிந்தால் கண் இறங்குகிறது, அதனால் இன்னும் அதிகமாகத்தான் மறையும். நுனிக்காலில் எக்கினால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஆனால் எக்கி நின்று பேன்ட் நீளத்தைப் பார்க்க முடியாது.

உங்களில் சிலர் சொல்லக்கூடும்: எங்கள் பழைய கடையில் தள்ளி நின்றால் கால் தெரிந்ததே என்று. அதுவும் பொய்யில்லை. முன்பெல்லாம் கண்ணாடியை ஆணியில் கயிறு போட்டு, மேல்பக்கம் முன்னால் சாய்ந்திருக்கும்படி தொங்கவிடுவார்கள். அப்படிச் சாய்ந்த கண்ணாடிக்கு மட்டும் தூரம் கணக்கில் வரும். 5 டிகிரி சாய்ந்திருந்தால், கண் மட்டத்தில் நேராகப் போகும் பார்வை 10 டிகிரி கீழ்நோக்கித் திரும்பி வரும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அது உடம்பில் சுமார் 18 செ.மீ. கீழே விழும், இரண்டு மீட்டரில் 35 செ.மீ. அதனால்தான் பின்னால் போகப் போகக் கால் தெரிந்தது. கூடவே மேலிருந்தும் அதே அளவுக்குத் தெரிவது குறைந்துகொண்டே வரும். டிரையல் ரூமில் இரண்டு மீட்டர் ஏது? அங்கே சாய்ப்பது தீர்வாகாது. சுவரோடு ஒட்டி நேராக மாட்டி உயரத்தைச் சரிசெய்வதுதான் வழி.

நான் கேட்பது இதுதான். அதே 120 செ.மீ. கண்ணாடியைக் கழற்றி, கீழ் விளிம்பு தரையிலிருந்து 60 செ.மீ. வரும்படி, அதாவது ஓர் அடி இறக்கி மாட்டுங்கள். கண் உயரம் 120 செ.மீ.க்கு மேல் உள்ள எல்லோருக்கும் பாதம் தெரியும். மேல் விளிம்பு 180-இல் வரும். 185 செ.மீ. உயரமுள்ள ஆளுக்கும், கண் 174-இல் இருந்தால், உச்சந்தலைக்குத் தேவை 179.5 தான். ஆறடிக்காரருக்கும் என் மகளுக்கும் ஒரே கண்ணாடி போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். குழந்தைகள் துணிப் பிரிவில் மட்டும் 40 செ.மீ.க்கு இறக்குங்கள். பிரேம் அகலமாக இருந்தால், பிரேமை விட்டுவிட்டுக் கண்ணாடி தொடங்கும் இடத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தப் பலகை இருக்கை. கண்ணாடியைச் சரியாக இறக்கிவிட்டு இருக்கையை அதன் அடியிலேயே விட்டால் வேறு ஒரு தொல்லை வரும். பாதத்திலிருந்து கிளம்பும் ஒளி கண்ணாடிக்குப் போய்ச் சேர வேண்டும். 45 செ.மீ. உயரமும் 35 செ.மீ. அகலமும் உள்ள இருக்கை குறுக்கே இருந்தால், என் மகள் கண்ணாடியிலிருந்து 80 செ.மீ. தள்ளி நிற்கும்போது அவள் பாதத்திலிருந்து போகும் ஒளி இருக்கையின் முன்விளிம்பு இருக்கும் இடத்துக்கு வரும்போது தரையிலிருந்து சுமார் 39 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். இருக்கை அதை மறித்துவிடும். அவள் ஒரு மீட்டருக்குப் போனால்தான் ஒளி விளிம்பை மயிரிழையில் தாண்டும். அதனால் இருக்கையைப் பக்கச் சுவருக்கோ கதவுப் பக்கமோ மாற்றிவிடுங்கள். அது முடியாவிட்டால் துணி மாட்ட இரண்டு கொக்கி போதும்.

அடுத்த முறை ஆசாரி வரும்போது, உங்கள் கடையில் வேலை பார்ப்பவர்களிலேயே குள்ளமான பெண்ணைக் கூப்பிட்டு நிற்க வையுங்கள். அவர் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து, அதில் பாதிக்குச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கண்ணாடியின் கீழ் விளிம்பு அந்தக் கோட்டுக்கு மேலே ஏறக் கூடாது. மாட்டி முடித்ததும் கதவைச் சாத்தும் முன் அவரிடமே கேளுங்கள், செருப்பு தெரிகிறதா என்று.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை