சாயம் போனால் தண்ணீரையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கைத்தறிச் சேலைகளைப் பற்றி வந்த கட்டுரையை எங்கள் பட்டறையில் சத்தமாக வாசித்தோம். நெசவாளர் கூலி பற்றி எழுதியிருந்த பகுதி அப்படியே உண்மை. ஆனால் "இயற்கைச் சாயம் கழறாது, தோலுக்குக் கெடுதல் இல்லை; கெமிக்கல் சாயம் கழறும், அரிக்கும்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டதை என்னால் அப்படியே விட முடியவில்லை. திருப்புல்லாணிப் பக்கம் சின்னதாக ஒரு சாயப்பட்டறை வைத்து, பரமக்குடி, எமனேசுவரம் தறிகளுக்குப் பருத்தி நூல் சாயம் போட்டுக் கொடுக்கிறேன். என் மாமனார் காலத்திலிருந்து இதே தொழில்தான். இரண்டு வகைச் சாயமும் கையில் படுகிறது, இரண்டிலும் அடி வாங்கியிருக்கிறேன்.

உச்சிப்புளியில் இருக்கும் ஆசிரியை ஒருவர், நான் சாயம் போட்ட நூலில் நெய்த அரக்கு நிறச் சேலை ஒன்றை வாங்கினார். கரை சந்தன நிறம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் மூன்று முறை துவைத்திருக்கிறார், ஒரு சொட்டுச் சாயம் இறங்கவில்லை. பிறகு திருச்சியில் மகள் வீட்டுக்குப் போனவர் அங்கே குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டிருக்கிறார். எடுத்துப் பார்த்தால் சந்தனக் கரை முழுக்க ரோஸ். சேலையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "அக்கா, மூணு தடவை போகாத சாயம் நாலாவது தடவை எப்படிப் போகும்?" என்று கேட்டார். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை.

அவர் போன பிறகு, அதே சாயத்தொட்டியில் போட்டு மிச்சமிருந்த நூலில் இரண்டு துண்டு வெட்டினேன். இரண்டு வெள்ளைக் கிண்ணம் எடுத்து, ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் தொட்டியில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீர் ஊற்றி கிண்ணத்துக்கொரு துண்டைப் போட்டேன். போர் தண்ணீர் லேசாகத்தான் நிறம் மாறியது. மழைத் தண்ணீரில் நூலைச் சுற்றிச் சிவப்பு இழை இழையாக இறங்கி, கொஞ்ச நேரத்தில் கிண்ணமே ரோஜாப்பூ நிறம் ஆகிவிட்டது. ஒரே நூல், ஒரே சாயம். வேறாக இருந்தது தண்ணீர் மட்டும்தான்.

காரணம் இதுதான். இன்று பருத்திக்கு அதிகம் போடும் சாயம் ரியாக்டிவ். அது நூலோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்த சாயம் சாதாரணத் துவைப்பில் கழறவே கழறாது. ஆனால் தொட்டியில் போடும் சாயம் முழுவதும் நூலோடு சேராது. ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி, நூலுக்குள் சும்மா தங்கிக்கொள்ளும். கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அந்த அரக்குக்கு 5 கிலோ நூல், 100 லிட்டர் தண்ணீர், 200 கிராம் சாயம், 6 கிலோ உப்பு, 2 கிலோ சோடா. 100க்கு 70 பங்கு சாயம் பிடித்தது என்று வைத்தாலும் 60 கிராம் சும்மா கிடக்கும். அந்த 60 கிராமை வெளியே எடுப்பதுதான் சாயக்காரர் வேலையில் பாதி. முதலில் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று அலசு, பிறகு கொதிக்கும் பதத்தில் சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம், திரும்ப அலசு, அடர் நிறமானால் இன்னொரு சோப்பு.

இங்கேதான் எங்கள் கடற்கரை குறுக்கே வருகிறது. சாயத்தொட்டியில் உப்பு எதற்குப் போடுகிறோம்? தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தை நூல் பக்கம் தள்ளுவதற்கு. அதே உப்பு அலசும் தண்ணீரிலும் இருந்தால், வெளியே போக வேண்டிய சாயத்தையும் நூலிலேயே பிடித்து வைக்கும். எங்கள் போர் தண்ணீரை மீட்டரில் பார்த்தால் லிட்டருக்கு 4 கிராம் பக்கம் உப்பு காட்டுகிறது. அதில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, அது சாயத்தையும் சோப்பையும் திரிய வைக்கும். அந்தத் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் கடைசித் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். பார்க்கிறவர் சாயம் முழுதும் போய்விட்டது என்று நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்து அந்த நூலைத் தறிக்கு அனுப்பினேன். உச்சிப்புளிக் கிணற்றுத் தண்ணீரும் அதே உப்புதான், அதனால் மூன்று துவைப்பு தாங்கியது. நல்ல தண்ணீர் பட்டதும் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

புதுச்சேலையை உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அந்த ஒரு துவைப்புக்கு நிற்கும், அவ்வளவுதான். சும்மா இருக்கும் சாயத்தை உப்பு ஒட்ட வைக்காது, ஒளித்து வைக்கும். கரை வேறு நிறமாக உள்ள சேலை என்றால் முதல் துவைப்பை நல்ல தண்ணீரில், ஊறவைக்காமல், தனியாக அலசி உடனே விரித்துக் காயப்போடுவதுதான் சரி.

அந்தச் சேலைக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது முதல் அலசு மட்டும் போர் தண்ணீரில். சோப்புக் கொதியும் அதற்குப் பிந்தைய அலசும் மழைத் தண்ணீரிலோ, விலைக்கு வாங்கும் நல்ல தண்ணீரிலோதான். செலவு கூடுகிறது, வேறு வழி இல்லை. சாயம் போட்ட நூல் கழி காய்வதற்கு முன் ஒரு சோதனையும் செய்கிறேன்: நான்கு இழையை எடுத்து, நனைத்த வெள்ளைத் துணி இரண்டுக்கு நடுவே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவேன். துணியில் கோடு விழுந்தால் அந்தக் கழி திரும்பவும் சோப்புக்குப் போகும்.

சரி, இயற்கைச் சாயத்துக்கு வருகிறேன். இந்தக் கடற்கரைக்கே உரிய சிவப்பு ஒன்று உண்டு. இம்பூறல் என்கிற சாயவேர். மணல் பூமியில் தரையோடு படரும் சின்னச் செடி, வேர் மட்டும் ஆழமாக இறங்கும். சிப்பி கலந்த கடற்கரை மணலில் விளைந்த வேர்தான் நல்ல சிவப்புத் தரும் என்பது பழைய சாயக்காரர் அனுபவம். அதில் அர்த்தம் இருக்கிறது. அந்த வேரில் உள்ள அலிசரின் என்ற சாயப்பொருள், படிகாரத்தோடும் சுண்ணாம்புச் சத்தோடும் சேரும்போதுதான் கரையாத சிவப்பாக நூலில் உட்காரும். ரியாக்டிவ் சாயத்துக்குக் கெடுதல் செய்கிற சுண்ணாம்புச் சத்து இதற்கு உதவியாகிறது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து நூலை ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, படிகாரம் கொடுத்து, பிறகு வேரோடு மெல்லக் கொதிக்க விட்டு எடுத்தால் அந்தச் சிவப்பு சோப்புக்கும் வெயிலுக்கும் நன்றாகத் தாங்கும். இதே அலிசரினை ஜெர்மனியில் 1868ல் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். அதன் பிறகுதான் வேர் தோண்டும் தொழில் படுத்தது. மூலக்கூறு ஒன்றேதான், வேரிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும்.

ஆனால் இன்று "இயற்கைச் சிவப்பு" என்று விற்பதில் எத்தனை சாயவேர்? வேர் கிடைப்பதே அரிது, தோண்ட ஆள் இல்லை. பதங்கம் என்கிற மரத்தின் கட்டையைக் கொதிக்க வைத்துத்தான் பலரும் போடுகிறார்கள். புதிதில் கண்ணைப் பறிக்கும். வெயிலில் உலர்த்தி உலர்த்தி எடுத்தால் சில மாதத்தில் வெளிறிவிடும். கண்டுபிடிப்பதும் சுலபம்: ஓரத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பதங்கம் மஞ்சள் பக்கம் திரும்பும், சோப்புப் பட்டால் மறுபடி சிவக்கும். மஞ்சள் கிழங்கு இன்னும் மோசம். சோப்புப் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் போய்விடும். அவுரி நீலம் துவைப்பில் நன்றாக நிற்கும், ஆனால் நூலின் மேல்பக்கம் தங்குவதால் உரசினால் தோளிலும் பையிலும் ஒட்டும். கடுக்காய் மஞ்சளை இரும்புச் சத்துள்ள தண்ணீரில் அலசிப் பாருங்கள், சாம்பல் பூத்துவிடும். ஆக "இயற்கைச் சாயம் கழறாது" என்று பொதுவாகச் சொல்லவே முடியாது. எந்தச் செடி, சாயத்தை நூலில் பிடிக்க வைக்க எந்தக் காரம் என்று கேட்க வேண்டும்.

தோல் விஷயத்திலும் அப்படியே. நன்றாக அலசிய ரியாக்டிவ் துணியில் சாயம் நூலோடு பிணைந்திருப்பதால், உடுத்துகிறவர் தோலில் இறங்க அதிகம் இருக்காது. உடுத்துகிறவரை விடப் பட்டறையில் பொடியை அள்ளுகிறவருக்குத்தான் ஆபத்து. ரியாக்டிவ் பொடி மூச்சில் போனால் ஆஸ்துமாவே வரலாம். நாங்கள் பொடியை முகக்கவசம் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் கலக்குவோம். பயப்பட வேண்டியது மலிவான அசோ சாயங்கள் சிலவற்றுக்கு. அவை சிதைந்தால் புற்றுநோய் தரும் அமீன்கள் வரும் என்பதால் 1997ல் மத்திய அரசு 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. பில் இல்லாமல் பொட்டலத்தில் வரும் சிவப்பையும் கறுப்பையும் நான் வாங்குவதே இல்லை.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். என் மாமனார் கொஞ்ச காலம் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் "இயற்கைச் சாயம்" போட்டார். பட்டையும் காயும் இயற்கைதான். நிறம் அழுத்தமாக நிற்பதற்குக் காரமாகப் போட்டது குரோமியம் உள்ள பைக்ரோமேட் உப்பு. கையுறை கிடையாது. விரல் இடுக்கில் குழி குழியாகப் புண், ஆறி ஆறித் திரும்ப வரும். சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். குரோமியம் தோலுக்கு ஒவ்வாமை தருவதில் பேர்போனது, ஒருமுறை வந்துவிட்டால் சின்ன அளவு பட்டாலும் திரும்ப எழும்பும். அந்தத் துணிகளும் இயற்கைச் சாயம் என்ற சீட்டோடுதான் விற்பனைக்குப் போயின. படிகாரமும் அளவோடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் போதும், பைக்ரோமேட் வேண்டவே வேண்டாம். மயில்துத்தம் என்கிற செம்பு உப்பையும் நான் தொடுவதில்லை, கழிவுத் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுவது?

கட்டுரை எழுதியவரிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அவர் சோதித்ததாக எழுதியிருந்த இரண்டு சேலைகளையும் எந்தத் தண்ணீரில் துவைத்தார்? மதுரைக் குழாய்த் தண்ணீரா, எங்கள் பக்கத்துக் கிணறா? அந்த இயற்கைச் சேலைக்கு என்ன காரம் போட்டது என்று விற்றவரிடம் கேட்டாரா? இரண்டையும் அடுத்த இதழில் போட்டால், நானும் இங்கே அதே மாதிரித் துண்டுகளை இரண்டு கிண்ணத்திலும் போட்டுப் பார்த்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சாயப்பட்டறை வைத்திருக்கும் வாசகி,
திருப்புல்லாணி, இராமநாதபுரம் மாவட்டம்