டெம்ப்ளேட்டில் எங்கள் லோகோ நெரிபடுகிறது, திருத்தித் தாருங்கள்

வணக்கம்,

இரண்டு மாதத்துக்கு முன் வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் தேயிலைக் கடைக்கு லோகோவும் ஸ்லைட் டெம்ப்ளேட்டும் செய்து தந்தீர்கள். லோகோ வடிவு, அதில் குறை சொல்லமாட்டேன். டெம்ப்ளேட்தான் பிரச்சினை. போன கிழமை கொள்ளுப்பிட்டியில் வாங்குபவர்களுக்கு முன்னால் போட்டுக் காட்டும்போது, தலைப்பின் கடைசிச் சொல் லோகோவில் இருக்கும் இலைக்கு மேலேயே ஏறி நின்றது.

போனில் கேட்டால், தலைப்பை நாங்கள் நீளமாக எழுதிவிட்டோமாம். சரி என்று Slide Master-ஐயும் ஒரு ஸ்லைட்டையும் திறந்து அளந்து பார்த்தேன். ஸ்லைட்டின் அகலம் 33.87 செ.மீ. லோகோ 4.5 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. உயரம், வலது ஓரத்திலிருந்து 1.2 செ.மீ. தள்ளி. லோகோவைச் சுற்றி அதன் உயரத்தில் பாதியளவு வெற்றிடம் விடவேண்டும் என்று உங்கள் வழிகாட்டியே சொல்கிறது, அதாவது 0.75 செ.மீ. கழித்துப் பாருங்கள், தலைப்புப் பெட்டி இடது ஓரத்திலிருந்து 27.4 செ.மீ.-இல் முடியவேண்டும். நீங்கள் வைத்த பெட்டியோ லோகோ இருக்கும் இடத்தையும் தாண்டி வலது ஓரம் வரை போகிறது. மாதிரிக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல் போட்டுப் பார்த்திருப்பீர்கள், அதனால் தெரியவில்லை. "ஏற்றுமதித் தரக்கட்டுப்பாட்டு நடைமுறைகள்" என்று ஒருதரம் தட்டியிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். பெட்டியைக் குறுக்கினால் தமிழ்த் தலைப்பு இரண்டாம் வரிக்கு மடங்கும், ஆகவே உயரத்தையும் கூட்டுங்கள். அப்புறம், ஒரு லேயவுட்டை மட்டும் திருத்திவிட்டு அனுப்பவேண்டாம், சிலவற்றில் தலைப்புப் பெட்டி தனியாக நகர்த்தப்பட்டிருக்கிறது.

இன்னொன்று, லோகோவை மாஸ்டரில் வைக்காமல் ஒவ்வொரு ஸ்லைட்டிலும் படமாக ஒட்டியிருக்கிறீர்கள். தலைப்பு முட்டினால் எங்கள் பிள்ளைகள் என்ன செய்வார்கள், லோகோவின் பக்கப் பிடியைப் பிடித்து உள்ளே தள்ளுவார்கள். Lock aspect ratio போட்டிருந்தாலும் பக்கப் பிடியை இழுத்தால் படம் நெரியத்தான் செய்யும், மூலைப் பிடிதான் விகிதம் மாறாமல் சுருக்கும். வட்டமாக இருந்த இலைச் சின்னம் பதினோராம் ஸ்லைட்டில் முட்டை மாதிரி நிற்கிறது. மாஸ்டரில் இருந்தால் சாதாரண ஸ்லைட்டில் அதைத் தொடவே முடியாது, அதுதான் எனக்கு வேண்டும்.

"குறைந்த அகலம் 25 மி.மீ." என்று எழுதியிருப்பது அச்சுக்குச் சரி. ஸ்லைட் லப்டொப்பிலும் ஓடும், சுவரிலும் ஓடும், அங்கே மில்லிமீட்டருக்கு என்ன வேலை? ஸ்லைட் உயரத்தில் இத்தனை வீதம் என்று எழுதுங்கள். இப்போதுள்ள 1.5 செ.மீ. கிட்டத்தட்ட 8 வீதம், அதைவிடச் சிறிதானால் மூன்று மொழிப் பெயரில் சிங்களமும் தமிழும் கறுப்புப் புள்ளிகளாகிவிடுகின்றன. அதற்குக் கீழே போனால் பெயரில்லாமல் இலைச் சின்னம் மட்டும் என்று விதி போட்டு, அந்தக் கோப்பையும் தனியாகத் தாருங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு முன் திருத்திய டெம்ப்ளேட் வரவேண்டும், திங்கள் அதே ஆட்களோடு மறுபடி கூட்டம் இருக்கிறது. மிச்சக் காசு அதைத் திறந்து பார்த்த பிறகுதான். இந்தத் திருத்தத்துக்கு வேறாக பில் அனுப்பவேண்டாம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைத் தேயிலைக் கடைக்காரர்