அடுக்ககச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பொங்கல் விழாவும் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. சம்ப் இரண்டு முறை சுத்தம் செய்யப்பட்டது. காவலாளி ஒருவர் மாறினார். மெயின்டனன்ஸ் வரவு செலவு ஏறக்குறைய சமமாக வந்திருக்கிறது. விவரம் பொருளாளரின் அறிக்கையில் இருக்கிறது.

நான் விரிவாகச் சொல்ல வேண்டியது லிஃப்ட் பற்றி. ஆகஸ்ட் கடைசியில் அதன் கன்ட்ரோலர் போர்டு எரிந்து, செலவு 1,65,000 ரூபாய் என்றார்கள். பெரிய வேலைகளுக்காக மாதாமாதம் சேர்க்கும் நமது சிங்கிங் ஃபண்டில் 3,12,000 ரூபாய் இருப்பதாகக் கணக்கு சொன்னது. 24 வீடு, வீட்டுக்கு மாதம் 200, ஏப்ரல் 2019 முதல் 65 மாதம், கணக்கு சரிதான். ஆனால் வங்கியில் இருந்தது 71,000. மீதிக்கு வீட்டுக்கு 4,000 திடீர் வசூல் போட்டு, அது வந்து சேர்வதற்குள் லிஃப்ட் 19 நாள் நின்றது. மூன்றாம் மாடி அம்மாவைப் பிசியோதெரபிக்கு நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனோம்.

2,41,000 ரூபாய் எங்கே போனது என்று பலர் என்னிடம் கோபமாகக் கேட்டார்கள். யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. மெயின்டனன்ஸும் ஃபண்டும் ஒரே சேமிப்புக் கணக்கில் கிடந்தன. ஐந்து வீடுகளின் பாக்கி 1,49,000. வந்த பணமாக இல்லாமல், பில் போட்ட தொகையாகவே அதை வரவில் எழுதிவிட்டோம். இன்னொரு 92,000 இரண்டு கோடைகளில் தண்ணீர் லாரிக்குப் போனது. பாக்கி வைத்தவர்களின் மாதச் செலவை லிஃப்டுக்காகச் சேர்த்த பணம்தான் சுமந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஆடிட்டர் வேண்டாம். இருப்புநிலைக் குறிப்பில் ஒரு பக்கம் ‘சிங்கிங் ஃபண்ட்’ என்று ஒரு தொகை இருக்கும். மறுபக்கம் அதே அளவு பணம் அந்த ஃபண்டின் பேரிலேயே டெபாசிட்டாக இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஃபண்ட் காகிதத்தில்தான் இருக்கிறது. ஐந்து ஆண்டாக நானும் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது என் தவறு.

எங்கள் வீட்டில் இது இப்படி நடப்பதில்லை. பள்ளிக் கட்டணம், இன்ஷூரன்ஸ், தீபாவளி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 84,000 வரும். என் மனைவி அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் பிறந்ததும் 7,000-ஐத் தனிக் கணக்கில் போட்டுவிடுவார். திடீர்ச் செலவுக்கென்று வைத்திருக்கும் பணம் வேறு, இது வேறு. இது வரும் என்று தெரிந்த செலவு. ஒருமுறை ஆஸ்பத்திரிச் செலவுக்கு இதிலிருந்து 20,000 எடுத்தபோது, டைரியில் கடன் என்று எழுதி மாதம் 2,000 வீதம் திருப்பி வைத்தார். நாமும் லாரிக்கு எடுத்த அன்றே அப்படி எழுதியிருந்தால் பள்ளம் முதல் கோடையிலேயே தெரிந்திருக்கும்.

அதே முறையில் சங்கத்துக்கும் கணக்குப் போட்டேன். லிஃப்ட் முழுசாக மாற்ற இன்றைய விலையில் 12 லட்சம் என்றார்கள். வீட்டுக்கு 50,000, இன்னும் எட்டு ஆண்டு ஓடும் என்று வைத்தால் மாதம் 521. வெளிச்சுவர் பெயின்ட் 7,20,000, ஐந்து ஆண்டில்: மாதம் 500. மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங் 2,88,000, நான்கு ஆண்டில்: மாதம் 250. மொத்தம் 1,271. விலை ஏறுமே என்று கேட்கலாம். டெபாசிட் வட்டி அதில் ஒரு பங்கை ஈடுகட்டும்; அந்த வட்டிக்கு வரியும் உண்டு என்பதால் முழுசாக ஈடுகட்டாது. அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுக் கொட்டேஷன் வாங்கி, மீதித் தொகையை மீதி மாதங்களால் மறுபடி வகுக்க வேண்டும்.

செப்டம்பர் சிறப்புக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அவர்கள் மாதம் 1,000-க்குத்தான் ஒப்புக்கொண்டார்கள். அது லிஃப்டுக்கும் பெயின்டுக்குமே போதாது. அதாவது மொட்டைமாடி வேலைக்கு இன்று ஒரு ரூபாயும் சேரவில்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை 19 வீடுகள் கட்டிய 1,14,000 தனி டெபாசிட்டில் இருக்கிறது. ரசீதின் நகல் அறிவிப்புப் பலகையில். இப்போது பில்லிலும் இரண்டு வரி: மெயின்டனன்ஸை வாடகைக்கு இருப்பவர் கட்டலாம், ஃபண்டை உரிமையாளர்தான் கட்ட வேண்டும். வெளியூரில் இருக்கும் உரிமையாளர்கள் “குடியிருப்பவரிடம் கேளுங்கள்” என்று இனி சொல்ல வேண்டாம். வீட்டை விற்கும்போது இந்தப் பணம் திரும்பக் கிடைக்காது. அது வீட்டோடு போகும்.

பொருளாளருக்கும், வசூலுக்குப் படியேறி இறங்கிய குழு உறுப்பினர்களுக்கும், லிஃப்ட் நின்ற நாட்களில் தண்ணீர் கேன் சுமந்த காவலாளிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டு மூன்று தீர்மானங்கள் கொண்டுவருகிறேன்: மாதத் தொகையை 1,271 ஆக்குவது, ஃபண்டிலிருந்து எது எடுத்தாலும் கடனாக எழுதித் திருப்பும் தேதி குறிப்பது, ஐந்து வீடுகளின் பாக்கியை ஆறு தவணையில் வாங்குவது. பாக்கி உள்ளவர்கள் முதலில் என்னிடம் தனியாகப் பேசினாலும் சரி. மூன்றாவது தீர்மானம் நிறைவேறாவிட்டால் இந்தப் பொறுப்பில் நான் தொடர்வது கஷ்டம். ஞாயிறு காலை பத்து மணிக்கு மொட்டைமாடியில் கூட்டம். வடகிழக்கு மூலையில் இருக்கும் விரிசலையும் அப்போதே பார்த்துவிடலாம்.

செயலாளர்